விளக்கீட்டுக்குச் சுவரோர மேசையை அலங்கரித்தல்: விளக்குகள், சிறு படங்கள், உயர அடுக்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசலுக்கு உள்ளே சுவரோடு ஒட்டி நீளமான ஒடுங்கிய மேசை ஒன்று இருக்கிறது. கார்த்திகை விளக்கீட்டுக்கு அதில் விளக்கும் படங்களும் வைக்க விரும்புகிறேன். எதை முதலில் வைப்பது?

பொருட்களை எடுப்பதற்கு முன் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். திருகோணமலையில் விளக்கீடு மாரிக்காலத்துக்குள் வருகிறது. அந்நாட்களில் வாடைக்காற்று யன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கால் நுழையும். கடற்கரையை அண்டிய வீடுகளில் அது இன்னும் அதிகம். மாலை வேளையில், விழாவன்று கதவும் யன்னலும் எப்படி இருக்குமோ அப்படியே வைத்துவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி மேசையின் இடது மூலை, நடு, வலது மூலை என மூன்று இடங்களிலும் சிறிது நேரம் பிடியுங்கள். புகை நேரே மேலெழும் இடமும், சாய்ந்து இழுபடும் இடமும், இழுபடும் திசையும் தெரிந்துவிடும்.

அதன் பின்னர் மேசையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு முனை தீபங்களுக்கு, எஞ்சிய நீளம் படங்களுக்கு. புகை எந்த முனையை நோக்கிச் சாய்கிறதோ அந்த முனையே தீபங்களுக்குரியது. அப்போது காற்று அடித்தால் சுடர் படங்களை விட்டு விலகிச் சாயும். மாறி வைத்தால் ஒவ்வொரு வீச்சிலும் படங்களின் பக்கம் சாயும். பெரும்பாலானோர் படத்தை நடுவில் வைத்து, அதன் முன்னே விளக்குகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். ஆழம் குறைந்த மேசையில் அது எண்ணெய்க் கறைக்கும், கரி பிடித்த கண்ணாடிக்கும், சில வேளைகளில் தீக்கும் வழி வைக்கும் அமைப்பு. தீபம் படத்துக்கு முன்னால் அல்ல, பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதே கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

எத்தனை பொருள் வைத்தாலும் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்பதுபோலத் தெரிகிறது. உயரத்தை எப்படிக் கணக்கிடுவது?

நான்கடி நீளமும் 16 அங்குல அகலமும் கொண்ட ஒரு மேசையை எடுத்துக்கொண்டு முழுவதையும் அமைத்துப் பார்ப்போம். கையில் இருப்பவை: 24 அங்குலக் குத்துவிளக்கு ஒன்று, சிட்டி விளக்குகள் மூன்று, கோணேசரும் மாதுமை அம்பாளும் உள்ள சுவாமிப் படம் ஒன்று (சட்டத்தோடு 10 அங்குல அகலம், 12 அங்குல உயரம்), குடும்பப் படங்கள் இரண்டு (சட்டத்தோடு ஒவ்வொன்றும் 7 அங்குல அகலம், 9 அங்குல உயரம்), பூ வைக்க ஒரு செம்பு. புகை இடப்பக்கம் சாய்ந்தது என்று வைத்துக்கொள்வோம்.

குத்துவிளக்கின் நடுத்தண்டு இடது விளிம்பிலிருந்து 7 அங்குலத்திலும், சுவரிலிருந்து 6 அங்குலத்திலும் நிற்கட்டும். அதன் எண்ணெய்த் தட்டு ஏறத்தாழ 18 அங்குல உயரத்தில் இருக்கும். உச்சியில் உள்ள அன்னமோ சேவலோ அதற்கு மேலே எழுந்து நிற்கும். சுவரைப் பார்த்த முகத்தில் திரி இட வேண்டாம், சுவரில் கரி ஏறும். வலப்பக்கத் திரியின் சுடர் இடது விளிம்பிலிருந்து பத்தரை அங்குலமளவில் வரும். எரியக்கூடிய எதுவும் சுடரிலிருந்து குறைந்தது ஓரடி தள்ளியே இருக்க வேண்டும் என்பதால், முதற்படத்தின் சட்டம் 23ஆவது அங்குலத்தில்தான் தொடங்கலாம். இடையில் விடப்படும் இந்த ஓரடி வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்று கை துடிக்கும்; நிரப்பாதீர்கள். தீபம் தனித்து நிற்பதாகத் தெரிவதே அந்த வெற்றிடத்தால்தான்.

சுவாமிப் படத்தை 6 அங்குல உயரக் கட்டையின் மேல், 23 முதல் 33 அங்குலம் வரை நிறுத்துங்கள். அதன் மேல் விளிம்பு 18 அங்குலத்தில் வரும். முதற் குடும்பப் படம் 3 அங்குலக் கட்டையில், 34 முதல் 41 வரை. மேல் விளிம்பு 12 அங்குலம். இரண்டாவது படம் கட்டையின்றி மேசையிலேயே, 40 முதல் 47 வரை, முன்னதன் ஓரத்தை ஓர் அங்குலம் மறைத்தபடி, சற்றே முன்னால். இப்போது உயரங்கள் 24, 18, 12, 9 என இறங்குகின்றன. பொருளுக்குப் பொருள் வித்தியாசம் குறைந்தது மூன்று அங்குலமாவது இருந்தால்தான் கண் அதைப் படியாக ஏற்கும். ஓர் அங்குலம் மட்டும் வேறுபட்டால், சமமாக வைக்க முயன்று பிழைத்ததுபோலத் தோன்றும். ஒரே மட்டமாகத் தெரிகிறது என்ற உங்கள் குறைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

பூச்செம்பு சுவாமிப் படக் கட்டையின் முன்னே, அதன் வலப்பாதியில் நிற்கட்டும். ஐந்தங்குலச் செம்பு கட்டையை மறைக்கும், படத்தை மறைக்காது. பூக்கள் மட்டும் படத்தின் கீழ் விளிம்பைத் தொட்டு நிற்கும். பூக்களை அதற்கு மேல் உயரமாக அடுக்க வேண்டாம். சிட்டி விளக்குகள் மூன்றும் குத்துவிளக்கின் முன்னே, மேசையின் முன் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி வைத்த ஒடுங்கிய மாபிள் துண்டில் வரிசையாக நிற்கலாம். கடைசிச் சிட்டியும் இடது விளிம்பிலிருந்து பத்தங்குலத்தைத் தாண்டக் கூடாது.

ஏற்றும்போது பின்னால் உள்ள குத்துவிளக்கை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு சிட்டிகளை ஏற்றுங்கள். எரியும் சிட்டிகளுக்கு மேலாகக் கையை நீட்டினால் சேலைத் தலைப்போ சட்டைக் கையோ சுடருக்கு மேலே போகும். இடையில் குத்துவிளக்குக்கு எண்ணெய் விட வேண்டி வந்தால் முன்வரிசையை அணைத்துவிட்டு விடுங்கள்.

உயர்த்துவதற்குக் கட்டை இல்லாவிட்டால் வேறு என்ன பயன்படுத்தலாம்?

படங்களின் கீழ் வைப்பதற்குக் கவிழ்த்த மண்சட்டி, துணி சுற்றிய செங்கல், தடித்த அட்டைப் புத்தகங்கள் எல்லாம் ஏற்றவை. துணி சுற்றினால் மேற்பரப்பில் மடிப்பு இல்லாதபடி இழுத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் படத்தின் தாங்குகால் நழுவும். விளக்கின் கீழ் மட்டும் புத்தகமும் துணியும் கூடாது. சிட்டியை உயர்த்த விரும்பினால் வெறும் செங்கல் அல்லது கவிழ்த்த மண்சட்டி போதும். குத்துவிளக்கை எதன் மேலும் ஏற்ற வேண்டாம். அது உயரத்தில் எண்ணெயைச் சுமந்து நிற்பது; பாதம் முழுவதும் மேசையில் படிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளின் படங்களுக்கு முன்னால் ஒவ்வொரு சிட்டி ஏற்றினால் அழகாக இருக்குமே?

வேண்டாம். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது நம் வழக்கத்தைச் சார்ந்தது. ஒருவருடைய படத்தின் முன்னே தீபம் ஏற்றுவதும், படத்துக்கு மாலை போடுவதும், பொட்டு வைப்பதும் நம்மிடையே இறந்தவருக்குச் செய்பவை. வெளிநாட்டில் இருக்கும் மகனுடைய படத்துக்கு முன் ஒரு சுடர் எரிவதைக் கண்டால், வீட்டுக்கு வரும் உறவினர் வாசலிலேயே திகைத்து நின்றுவிடுவார். உயிரோடிருப்பவர்களின் படங்களைத் தீபத்திலிருந்து விலக்கி, பூவோ சரமோ சட்டத்தில் தொங்காமல் வையுங்கள். பூ செம்பில் இருந்தால் அது மேசைக்கு உரிய அலங்காரம். சட்டத்தில் தொங்கினால் அதன் பொருள் வேறு.

இரண்டாவது காரணம் கண்ணாடி. படத்துக்கு நேர் முன்னே சுடர் இருந்தால், எதிரே நிற்பவருக்கு அதன் பிரதிபலிப்பு சுடரின் உயரத்துக்குச் சற்று மேலே, கண்ணாடியின் நடுவில் தெரியும். சிறிய படமென்றால் அது பெரும்பாலும் முகத்தின் மீதே விழும். சுடர் பக்கத்தில் ஓரடிக்கு அப்பால் இருந்தால், நேரே நின்று பார்ப்பவருக்கு அந்தப் பிரதிபலிப்பு சட்டத்துக்கு வெளியே போய்விடும். அதன் பின்னரும் கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் அது பெரும்பாலும் கூரையிலுள்ள மின்குமிழுடையது. தாங்குகாலில் நிற்கும் படம் பின்னோக்கிச் சாய்வதால் மேலே உள்ள வெளிச்சத்தைப் பிடித்துப் பார்ப்பவரின் கண்ணுக்குத் திருப்பிவிடுகிறது. தாங்குகாலைச் சற்று மடக்கிப் படத்தை நிமிர்த்தினால், அல்லது அந்த மின்குமிழை அணைத்துவிட்டால், அது மறையும்.

காலமான அம்மம்மாவின் படத்தை அதே மேசையில் வைக்கலாமா?

சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில், அதே வரிசையில் வைப்பதைப் பல குடும்பங்கள் ஏற்பதில்லை. உயிரோடிருப்பவர்களின் படங்களோடு கலந்து வைப்பதையும் பெரியவர்கள் விரும்புவதில்லை. உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு முடிவெடுங்கள். நான் சொல்லக்கூடியது, அம்மம்மாவுக்கு இந்த மேசையில் ஒரு மூலையை ஒதுக்குவதிலும் பார்க்க வேறொரு சுவரில் அவருக்கென்று சிறு பலகை ஒன்றும், அதில் ஒரு விளக்கும் வைப்பது மேல் என்பதே. அப்போது அவருக்கு ஏற்றும் விளக்கு அவருக்கே உரியதாக இருக்கும். மேசையின் அலங்காரத்தில் ஒன்றாகிவிடாது.

எந்தப் படமானாலும் மூலப்பிரதியை விழா மேசையில் வைக்காதீர்கள். 2004 சுனாமியில் வீட்டோடு படங்களையும் இழந்த குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. எஞ்சிய ஒரே படம் என்றால் அதன் பெறுமதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரூடியோவில் பிரதி எடுத்து அந்தப் பிரதியைச் சட்டமிடுங்கள். சட்டமிடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் ஓரங்களைச் சுற்றி அட்டை வைக்கச் சொல்லுங்கள். மாரிக்கால ஈரத்தில் கண்ணாடியை நேரே தொட்டுக்கொண்டிருக்கும் புகைப்படம் அதனோடு ஒட்டிக்கொள்ளும்; ஒட்டிய இடத்தில் படம் மினுமினுப்பான திட்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் உரிக்க முயலாமல், கண்ணாடியோடு அப்படியே ஸ்ரூடியோவுக்குக் கொண்டு சென்று பிரதி எடுங்கள்.

போன வருடம் சிட்டியிலிருந்து எண்ணெய் இறங்கி மேசையில் வட்டம் வட்டமாகக் கறை விழுந்தது. எப்படித் தடுப்பது?

எண்ணெய் இரண்டு வழியில் இறங்குகிறது. சுட்ட மண் எண்ணெயை உறிஞ்சி அடிப்பக்கம் கசியவிடுவது ஒன்று. புதிய சிட்டிகளை ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் எடுத்து நிழலில் உலரவிட்டால் இந்தக் கசிவு பெரிதும் குறையும், அடியோடு நிற்காது. மாரிக்காலத்தில் காய்வதற்கு நேரமெடுக்கும் என்பதால் கடைசி நாளுக்கு விடாதீர்கள். உள்ளே நீர் இருந்தால் சுடர் படபடவென்று வெடிக்கும்.

மற்றது திரியால் நடப்பது. திரி சிட்டியின் மூக்கைத் தாண்டி நீண்டு தொங்கினால், எண்ணெய் அதன் வழியே ஏறி வெளியே சொட்டும். திரி மூக்கின் விளிம்பிலிருந்து கால் அங்குலமளவே வெளியே தெரிய வேண்டும். சுடரின் நுனியில் கறுப்புப் புகை இழை எழுந்தால் திரி நீளம் என்று அறிந்து, அணைத்துவிட்டு உள்ளே இழுத்துவிடுங்கள். எண்ணெயை விளிம்புவரை நிரப்பாமல் முக்கால்வாசியோடு நிறுத்துவதும் உதவும்.

இவ்வளவு செய்தும் சிட்டியை நேரடியாக மரத்தில் வைக்கக் கூடாது. மாபிள் துண்டு, பித்தளைத் தட்டம், அல்லது விளிம்புள்ள தட்டில் பரப்பிய மணல், இவற்றுள் ஒன்று கீழே இருக்கட்டும். மணல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சிட்டியை அசையாமலும் பிடித்துக்கொள்ளும். கடல் மணலானால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உலர்த்துங்கள், உப்பு இருந்தால் பித்தளைத் தட்டம் பச்சை பிடிக்கும்.

விளக்கு அடிக்கடி அணைந்துபோகிறது. கண்ணாடிக் கூடு போடலாமா?

போடலாம், அது மேலும் கீழும் திறந்திருக்குமானால். கீழே காற்றுப் புகாத கண்ணாடிக்குள் சுடர் புகைந்து, கூட்டின் உட்புறம் கறுத்துவிடும். கூட்டுக்குள் வைத்த சுடரின் சூடு மேல் வாயால் ஒரே தாரையாக எழும் என்பதால், அதற்கு நேர் மேலே எதுவும் தொங்கக் கூடாது. கூடு போடுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். கடற்காற்று என்று நினைப்பது பல வீடுகளில் ஹோல் மின்விசிறியின் காற்றாகவே இருக்கிறது.

மேசை இல்லை, சுவரில் தட்டுத்தட்டாக அடித்த பலகைகள்தான் இருக்கின்றன. அதில் எப்படி அமைப்பது?

பலகைக்கு மேல் இன்னொரு பலகை இருக்கும் இடத்தில் எண்ணெய் விளக்கு ஏற்றவே கூடாது. சுடரின் பக்கவாட்டுக்கு ஓரடி போதும். மேலே எழும் சூட்டுக்கு அது போதாது, மூன்றடியாவது வெறுமையாக இருக்க வேண்டும். ஓரடி இடைவெளியில் அடித்த பலகைகளுக்கு நடுவே எரியும் சிட்டி, மேற்பலகையின் அடிப்பக்கத்தை முதலில் கறுப்பாக்கும், பின்னர் கருக்கும். கையை மேற்பலகையின் அடியில் வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

ஆகவே பலகைகளில் படங்களும் மின்விளக்குகளும் மட்டும். பற்றரியில் எரியும் சிறு விளக்குகளை மஞ்சள் ஒளி தருபவையாக வாங்குங்கள். நீலச்சாயல் கொண்ட வெள்ளை ஒளி எண்ணெய்ச் சுடருக்குப் பக்கத்தில் வெளிறித் தெரியும். அவற்றைப் படத்துக்கு முன் வைக்காமல், சட்டத்தின் பின்னே சுவரைப் பார்த்து வைத்தால், படத்தைச் சுற்றி ஒளி பரவும், கண்ணாடியில் எதுவும் தெறிக்காது. உண்மையான தீபம் பலகைகளுக்குக் கீழே அல்லாமல், ஒரு பக்கமாக, தரையில் நிற்கும் குத்துவிளக்கில் எரியட்டும். தரையில் இருந்து எழும் அந்த உயரமே உங்கள் முதல் அடுக்கு.

நிறைகுடமும் அதே மேசையில் வைக்க வேண்டும் என்று மாமி சொல்கிறார். இடம் எங்கே?

மாமி சொல்வதுபோல் நிறைகுடம் வைப்பதானால், மேலே சொன்ன இறங்குவரிசையைக் கைவிடுங்கள். நிறைகுடம் நடுவிலும், இரு பக்கமும் ஒரே அளவான குத்துவிளக்குகளும் என்பதே அதற்குரிய அமைப்பு. அதை ஓரத்தில் தள்ளி, ஒற்றை விளக்கோடு வைத்தால் கண்ணுக்கும் மனத்துக்கும் ஒவ்வாது. நான்கடி மேசையில் இந்த மூன்றும் வந்தபின் சுடர்களிலிருந்து ஓரடி தள்ளிப் படம் வைக்க இடம் மிஞ்சாது. படங்களை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். குடத்து மாவிலைகளும் தேங்காயும் சுடருக்கு எட்டாதபடி, விளக்குகளை மேசையின் இரு முனைகளுக்கும் தள்ளி நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே மேசையில் திணிப்பதிலும் பார்க்க ஒன்றைத் தெரிவு செய்வதே நல்லது. விளக்கீட்டுக்கு என்றால் தீபங்களும் படங்களும், வீட்டுச் சடங்குக்கு என்றால் நிறைகுடம்.

பித்தளை விளக்கைத் துலக்கி வைத்தால் சில நாளிலேயே மங்கிவிடுகிறது.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் அப்படிச் செய்யும். பழப்புளியைக் கரைத்துத் தேய்த்துக் கழுவிய பின் ஈரத்தோடு விடுவதுதான் மங்கலை விரைவாக்குகிறது. புளியின் புளிப்பு முற்றாகப் போகும்வரை அலசி, உடனேயே உலர்ந்த துணியால் துடைத்து, தண்டின் வளையங்களுக்குள் தங்கும் நீரையும் துணி முனையால் ஒற்றி எடுங்கள். விழாவுக்கு முதல்நாள் மாலை துலக்குவதே போதும். வாரத்துக்கு முன் துலக்கினால் மீண்டும் துலக்க நேரிடும்.

விளக்கை ஏற்றிவிட்டுக் கோயிலுக்குப் போய் வரலாமா?

வீட்டில் பெரியவர் ஒருவர் அந்த அறையிலேயே இருந்தால் மட்டும் போகலாம். இல்லையென்றால் மேசை மீதுள்ள எண்ணெய் விளக்குகள் யாவற்றையும் அமர்த்திவிட்டு, பற்றரி விளக்குகளை எரியவிட்டுச் செல்லுங்கள். வாசல் கதவைத் திறந்து மூடும் கணத்தில் உள்ளே பாயும் காற்றே சுடரை மிகுதியாகச் சாய்க்கும். அதைப் பார்க்க அப்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பி வந்து ஏற்றும்போது திரியின் கருகிய நுனியைக் கிள்ளிவிட்டு, எண்ணெய் விட்டு, முன்போலவே பின்வரிசையிலிருந்து தொடங்குங்கள்.